குச்சிக்கு மேலே அடுக்கிய விறகு

நல்லகாமன் அன்று விறகை இறக்கவில்லை. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு நுகத்தடியைப் பிடித்தபடி நின்றார். விலை பேச வந்திருக்கிறார் என்று அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. இறக்கிய விறகைத் திரும்ப ஏற்றினால் அந்த வீட்டுக்கு ஆகாது. அது சுடுகாட்டுக்குப் போகும் விறகு போல என்பார்கள். அதனால் பேசி முடிக்கிற வரைக்கும் இறக்காமல் இருப்பதுதான் மரியாதை.

அப்பா இறந்துபோனபின் அம்மா எங்கள் வாடகை வீட்டில் ஆறு பேருக்கு மாதப் பணத்துக்குச் சாப்பாடு போட்டாள். நானும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடவே நின்றேன். சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் ஆபீஸ் குமாஸ்தாக்கள். அந்தப் பணம் நின்றால் நாங்கள் திருநெல்வேலியில் பெரியப்பா வீட்டுக்குப் போய், சம்பளமில்லாமல் சமைக்க வேண்டியதுதான். பெரியப்பா கடிதத்துக்குக் கடிதம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா வெளியாட்களோடு நேரே பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். நான் வாசலில் சொல்ல வேண்டும். அவள் சொல்வது நல்லகாமன் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கிற வரை, வேறு எங்கோ பார்த்தபடி நிற்பார்.

"முதல்லே மோர் குடு. அப்புறம் பேசட்டும்" என்றாள் அம்மா.

செம்பை உயரத் தூக்கி அவர் கைகளில் ஊற்றினேன். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாப்பா, அம்மாகிட்டச் சொல்லு. இனி வண்டி அஞ்சு ரூவாக்குக் கட்டாது. ஏழு வேணும். புண்ணாக்கு விலை எங்கயோ போயிருச்சு. சக்கரத்துப் பட்டா தேஞ்சு கெடக்கு. இரும்பெல்லாம் சண்டைக்குப் போயிருச்சுன்னு கொல்லன் கையை விரிக்கிறான். பனமட்டையச் சுத்தியா வண்டி ஓட்டுறது?"

"அவர் சொல்றது நியாயம்னு சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"ஆனா ஏழு இப்போ முடியாது. சாப்பிடறவாகிட்டே மார்கழி கடைசிவரைக்கும் ஒரே பணம்னு பேசிட்டேன். நடுவிலே ஏத்தினா ஹோட்டலுக்குப் போயிடுவா. தை பொறந்ததும் அவாகிட்டேயும் பேசறேன், இவர்கிட்டேயும் பேசறேன். அதுவரைக்கும் வேற வண்டிக்காரனை இந்த வாசல்லே நிறுத்தமாட்டேன். அவரும் நம்மளை விட்டுடப்படாது."

உள்ளே இலை முன் உட்கார்ந்திருந்த பிச்சுமணி மாமா, வக்கீல் குமாஸ்தா, குரல் கொடுத்தார். "மாமி, நல்லகாமன் கோச்சுண்டு போனா, நாங்க அரிசியை ஊறவெச்சே தின்னுடறோம்!"

"எதுக்கு சாமி? ஒங்க ஆபீசுக் கட்டுகள எரிச்சா ஒரு வருசத்துக்குச் சோறு வேகுமே" என்றார் நல்லகாமன். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவர் கை நுகத்தடியை விடவில்லை.

"தை வரைக்கும் மாடு பட்டினி கெடக்குமா பாப்பா? அலங்காநல்லூருலருந்து இம்புட்டுத் தூரம் இழுக்குதுக."

கதவிடுக்கில் அம்மாவின் கண் வண்டியைப் பார்ப்பது தெரிந்தது. வண்டியின் இரண்டு பக்கமும் நட்டிருந்த குச்சிகளின் நுனிவரைக்கும்தான் விறகு இருந்தது. அதுதான் 'ஒரு வண்டி' என்ற அளவு.

"குச்சி உசரத்துக்கு அஞ்சு ரூபாதான். அதுக்கு மேலே அடுக்கிண்டு வந்தா, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு ரூபா தனியாத் தரேன்னு சொல்லு. நமக்கும் விறகு கூட வரும், அவருக்கும் வந்து போற செலவு ஒண்ணுதான்."

நல்லகாமன் விரலை மடக்கிப் பார்த்தார். "ரெண்டு மொழம் ஏத்துனா ஏழு."

"மாட்டுக்கு ஆகுமான்னு கேளு."

"ஆகும் ஆகும். இதுக மலையெறக்கத்துலயே கால் தடுமாறாததுக."

கயிற்றை அவிழ்த்து விறகை இறக்க ஆரம்பித்தார். "விலை ஏறலை, ஆளும் போகலை. மாமி கோர்ட்டிலே நின்னிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பிச்சுமணி மாமா இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார். அம்மா அன்று வெகு நாளைக்கப்புறம் சிரித்தாள்.

அடுத்த வண்டி ஒரு முழம் கூடுதலாக வந்தது. அதற்கடுத்தது இரண்டு முழம். விறகு ஆடாமலிருக்க அவர் குறுக்குக் கயிறு கட்டியிருந்தார். மாடுகள் வாசலில் நின்றபின்னும் வெகு நேரம் மூச்சு வாங்கின. அம்மா கழுநீர்த் தொட்டியை வெளியே வைக்கச் சொன்னாள். ஒரு ரூபாயும் குறைக்காமல் எண்ணி வைத்தாள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மார்கழியில் வைகைக் கரை ஈரமாக இருந்தது. விறகு வரவேண்டிய நாளில் வண்டி வரவில்லை. உச்சிப்பொழுதில் நல்லகாமனின் சம்சாரம் முத்துத்தாய் மட்டும் ஓடி வந்தாள். சேலையெல்லாம் சேறு.

"மாடு விழுந்துருச்சு பாப்பா. மணலத் தாண்டிக் கரையேறுறப்ப, பாரம் பின்னால இழுத்து வண்டி குடை சாஞ்சுருச்சு. வலத்து மாடு அடியில மாட்டிக்கிருச்சு. கால் ரெண்டும் போச்சு."

"விறகு?" என்றாள் அம்மா.

நான் அதை வாசலில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முத்துத்தாய் கதவைப் பார்த்தாள்.

"விறக ஊரே அள்ளிட்டுப் போயிருச்சு தாயி. அவுக மாட்டுப் பக்கத்துலயே ஒக்காந்திருக்காக."

ராத்திரிச் சமையலுக்கு வீட்டில் ஒரு கட்டைகூட இல்லை. கதவின் மறுபக்கத்தில் அம்மா சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தாள்.

விறகுக்கடையில் பாதி நாள் நின்று ஈரக்கட்டை வாங்கினோம். புகைந்ததே தவிர எரியவில்லை. ஆபீசுக்கு நேரமாகிறது என்று இரண்டு பேர் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு இன்னும் மூன்று பேர். பிச்சுமணி மாமா மட்டும் தினமும் வந்து, அரைவேக்காட்டுச் சோற்றை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் கேலி பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தை பிறந்ததும் நல்லகாமன் வந்தார். தலையில் ஒரு விறகுக்கட்டு. பின்னால் முத்துத்தாய் தலையில் ஒன்று.

"ஏழுக்குச் சம்மதம்னு சொல்லு" என்றாள் அம்மா. கூப்பிடுமுன்பே கதவருகே வந்து நின்றிருந்தாள்.

"ஒத்த மாட்ட வச்சுக்கிட்டு எங்க ஏழு கேக்குறது? தலைச்சுமைதான் பாப்பா. நீங்க குடுக்குறதக் குடுங்க."

இந்த முறை அவர் விலை சொல்லவே இல்லை. அம்மா கேட்டுப் பார்த்தாள். "நீங்க குடுக்குறதுதான்" என்றார் மறுபடியும். அவள் கடைவிலைக்கு மேல் ஓரணா சேர்த்துக் கொடுத்தாள். எண்ணிப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொண்டார். இரண்டு கட்டும் ஒரு வேளை உலைக்குச் சரியாக இருந்தது. அவர்களுக்கு அதற்கு மேல் சுமக்கவும் முடியாது.

மாசியில் பெரியப்பா வந்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டச் சொன்னார். மறுநாள் காலை திருநெல்வேலிக்கு ரயில். அன்று சாயங்காலம் நல்லகாமனும் முத்துத்தாயும் வழக்கம்போலச் சுமையோடு வந்தார்கள். கூடத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளை வாசலிலிருந்து பார்க்க முடியாது.

"பங்குனிச் சந்தையில ஒரு மாடு பிடிச்சிருவேன் பாப்பா. மச்சான் பாதிப் பணம் தாரேன்னுருக்கான். அப்பறம் பழையபடி வண்டிதான். வெலைய அப்பப் பேசிக்கிருவோம்னு அம்மாகிட்டச் சொல்லு."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பெரியப்பா யாரென்று கேட்டார்.

"விறகை இறக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

இறக்கினார்கள். அணைத்துக் கழுவி, கோலம் போட்டு வைத்திருந்த அடுப்புக்குப் பக்கத்தில் நான் அதைக் கொண்டுபோய் அடுக்கினேன். நல்ல காய்ந்த கட்டைகள்.