ஒருத்தர்தான் பேசணும்

பெரியவள் அட்டிகைப் பெட்டியைக் கைப்பைக்குள் போடவில்லை. காரில் ஏறியதிலிருந்து மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியபடியே வந்தாள். தையல்கடை வாசலில் இறங்கும்போது தங்கை பிடித்துக்கொள்ளக் கை நீட்டினாள். "இருக்கட்டும்டி, நான் இன்னும் கிழவியாகலை" என்று சொல்லிவிட்டுத் தானே இறங்கினாள். முதுகு வளைந்து யாரும் அவளைப் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை தம்பி மகளுக்கு வரவேற்பு. எல்லாவற்றையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று மூவருமாக வந்திருந்தார்கள்: அட்டிகையோடு பெரியவள், ஒரு துணிப்பொட்டலத்தோடு சின்னவள், இன்னொரு பொட்டலத்தோடு மணப்பெண்.

அந்த அட்டிகை அவர்கள் அம்மாவுடையது. சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறிமாறிப் பதித்தது, கழுத்தை ஒட்டி உட்காரும். அம்மா அதைப் போடும் நாளில் கரை கூட இல்லாத ஒரே நிறச் சேலைதான் கட்டுவாள். காதில் ஒரு பொட்டுத் தோடு, அவ்வளவுதான். வீட்டில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. வெளியே கிளம்பும் நாளில் அதன் முன்னால் அக்காவும் தங்கையும் முட்டி மோதுவார்கள். சின்னவள் பூப்போட்ட பாவாடையும் கட்டி, பாசிமணியும் போட்டு, பூவேலை செய்த மேல்சட்டையையும் மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அம்மா கதவில் சாய்ந்தபடி கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள்.

"இன்னைக்கு யாரு பேசுறது?"

"எல்லாரும்மா!"

"எல்லாரும் பேசினா சந்தைக்கடை. ஒருத்தர்தான் பேசணும், மத்தவங்க வாயை மூடிக்கிட்டு நிக்கணும். போ, ரெண்டைக் கழட்டிட்டு வா."

சின்னவள் அழுதுகொண்டே போய் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு வருவாள். இன்னொன்றைப் பெரியவள்தான் துரத்திப் பிடித்துக் கழற்றுவாள். அந்தக் கண்ணாடியும் அந்த அறையில் மிதக்கும் பவுடர் வாசனையும் பெரியவளுக்கு இப்போதும் நினைவில் இருந்தன. அந்தக் குடும்பத்துப் பெண்கள் தெருவில் போனால் நாலு பேர் நின்று பார்த்தார்கள் என்றால், அதற்குக் காரணம் நகை அல்ல, அந்த அடக்கம்.

பிறகு காலம் மாறியது. சின்னவளின் கணவர் நடத்திய கடை நொடித்துப் போனது. அடுத்த மாதமே உறவுக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. "அம்மாவோட அட்டிகையும் கடையோட போயிடுச்சாம். சின்னவதான் வாங்கிட்டுப் போய் வித்துட்டாளாம்." அட்டிகை பெரியவளின் பீரோவில் பத்திரமாக இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அன்றே ஊர் வாய் அடைபட்டிருக்கும். ஆனால் நகையைக் காட்டித் தன் வீட்டு நாணயத்தை நிரூபிப்பது கேவலம் என்று பெரியவள் நினைத்தாள். நம் வீட்டில் நல்ல காரியம் ஒன்று வரட்டும், அட்டிகை தானாகச் சபைக்கு வரும் என்று பொறுத்திருந்தாள். அதுவரை சின்னவள் எந்த விசேஷத்துக்கும் கடைசியில் வந்து முதலில் கிளம்பினாள். உட்கார்ந்தால் தூண் மறைவில் உட்கார்ந்தாள்.

நாளைதான் அந்த நாள். மேடையில் தம்பி மகள் கழுத்தில் அட்டிகை மின்னும், ஊரே பார்க்கும், தங்கையின் பெயர் துலங்கும். இதைப் பெரியவள் யாரிடமும் சொல்லவில்லை.

தையல்கார அம்மாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு நாடா, வாயோரத்தில் இரண்டு குண்டூசி. ஊசியை எடுக்காமலே பேசுவார்.

"வாங்க வாங்க. பொண்ணு உள்ள போகட்டும். முதல்ல ப்ளவுஸ்."

சின்னவள் பொட்டலத்தைப் பிரித்தாள். கழுத்தை ஒட்டி வெட்டிய ரவிக்கை. கழுத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குத் தங்க இழையில் ஆரி வேலை. கொடி, மொட்டு, இடையிடையே பொடி மணி. துணியே தெரியவில்லை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் கீழிருந்து ஒவ்வொரு இழையாக வாங்கிச் செய்த வேலை. சின்னவளுக்கு வலது மணிக்கட்டில் வலி என்று பெரியவளுக்குத் தெரியும். ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது.

"எப்படி செஞ்சே?"

"சும்மா, பொழுது போகலை."

அந்த ரவிக்கையைப் போட்டு, தன் பொட்டலத்துச் சேலையையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து மணப்பெண் வெளியே வந்தாள். அவள் ஒரு துணி ஆலையில் அச்சு வடிவம் வரைபவள். தன் வரவேற்புச் சேலைக்குத் தானே பூ வரைந்து அச்சடித்திருந்தாள். கருநீலப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் செந்நிறப் பூக்கள், உடல் முழுக்க, முந்தானையில் இன்னும் பெரிதாக.

பெரியவள் தன் பெட்டியைத் திறந்தாள். அட்டிகையை எடுத்து மணப்பெண்ணின் கழுத்தில் மாட்டினாள். கல்லின் விளிம்பு ஆரி இழையில் சிக்கியது. மெதுவாக விடுவித்து, திருகாணியைத் திருகினாள்.

மாஸ்டர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்து ஊசி குத்தும் பஞ்சுத் திண்டில் குத்தினார். அவர் அப்படிச் செய்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கலையா?"

கேட்டுக்கொள்ளவில்லை. அதுதான் வேடிக்கை. வேறு குடும்பமாக இருந்தால் கேட்டிருப்பார்கள். இந்த வீட்டில் ஒன்றுதான் பேச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஆகவே அட்டிகை வருகிறது, மற்றது சாதாரணமாக இருக்கும் என்று பெரியவள் நினைத்தாள். ரவிக்கை வருகிறது, கழுத்து வெறுமையாக இருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். சேலை போதும், ரவிக்கை ஒரே நிறமாக இருக்கும் என்று மணப்பெண் நினைத்தாள். ஆளுக்கொரு ஆச்சரியம் வைத்திருந்தார்கள்.

"நான் நல்லா இல்லையா?" என்று மணப்பெண் கேட்டாள்.

"நீ நல்லாத்தான் இருக்கே. நீ எங்கே இருக்கேன்னுதான் தேடுறேன்" என்றார் மாஸ்டர்.

மணப்பெண் சிரித்துவிட்டாள். சின்னவள் சிரிக்கவில்லை.

பெரியவள் கடையின் எதிர்ச் சுவர் வரை நடந்து போய்த் திரும்பி நின்றாள். மேடைக்கும் முதல் வரிசைக்கும் அவ்வளவு தூரம் இருக்கும். அம்மாவைப் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முதலில் பட்டது செம்பூ. அங்கிருந்து கண் கழுத்துக்கு ஏறியது, அங்கே நிற்க இடமில்லாமல் மீண்டும் முந்தானைக்கு ஓடியது. முகத்தில் நிற்கவே இல்லை. அட்டிகை எங்கே? தங்க இழை மேல் தங்க அட்டிகை, மணி மேல் கல். கரைந்தே போயிருந்தது. இத்தனை வருஷம் பொறுத்துச் சபைக்குக் கொண்டுவந்த நகை, கண்ணுக்கே தெரியவில்லை.

அவளுக்கு உள்ளே ஏதோ சரிந்தது. முதுகு மட்டும் சரியவில்லை.

"ப்ளவுஸ் வேற போட்டுக்கட்டும்" என்றாள். "நீலத்துல ஒண்ணு, வேலை எதுவும் இல்லாம. மாஸ்டர், நாளைக்குள்ள தைக்க முடியுமா? சேலையும் ஒரே நிறமா இருக்கட்டும். அட்டிகை தெரியணும்."

"தைச்சிடலாம். ஆனா..." மாஸ்டர் சின்னவளைப் பார்த்தார்.

"பெரியத்தை, சின்னத்தை எவ்வளவு நாளா..." என்று ஆரம்பித்தாள் மணப்பெண்.

"நீ சும்மா இரு."

சின்னவள் அட்டிகையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். "அக்கா சொல்றது சரிதான். புதுசு எதுக்கு? கழுத்து வேலையை மட்டும் பிரிச்சிட்டா இதையே போட்டுக்கலாம். நீ மாத்திக்கிட்டு வா, கண்ணு."

ரவிக்கை வந்ததும் மேஜை மேல் விரித்தாள். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். ஆரி வேலையில் முடிச்சு கிடைத்துவிட்டால் போதும், ஒரு நுனியை இழுத்தால் சங்கிலி சங்கிலியாக மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். உள்பக்கத்தைத் திருப்பி விரலால் முடிச்சைத் தேடினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அக்கா துரத்திப் பிடித்துப் பாசிமணியைக் கழற்றும்போது அழுத குழந்தை, இப்போது அழக்கூடச் செய்யாமல் தானே கழற்றுகிறாள்.

"வைடி அதை."

"பரவாயில்லைக்கா."

"வைடின்னா!"

கத்தி மேஜையில் விழுந்தது. மாஸ்டர் அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அட்டிகை எதுக்குக் கொண்டுவந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

சின்னவள் நூல் நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரியும். எனக்காகத்தான். நான் என்ன, பேச்சு காதுல விழாதவளா? ஆனா அக்கா, அவங்க வாயை மூட அவ கல்யாணமா கிடைச்சுது? அவ கழுத்துல பார்த்தா என்ன சொல்லுவாங்க தெரியுமா? வித்ததை அவ அப்பா மீட்டுட்டார்னு சொல்லுவாங்க."

பெரியவள் இதை யோசித்ததே இல்லை. தங்கையை அண்ணாந்து பார்த்தாள். சாம்பல் நிறப் பருத்திச் சேலை, அதே நிறத்தில் ரவிக்கை, வெறும் கழுத்து. கரையும் இல்லை, பூவும் இல்லை. வருஷக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பழகிய உடை.

எழுந்து பெட்டியைத் திறந்தாள். "திரும்பு."

"என்னக்கா?"

"திரும்புன்னா திரும்பு."

"ஐயோ, எனக்கு எதுக்கு? இந்த வயசுல, எல்லாரும் என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும். வித்தவ கழுத்துக்கு அது எப்படி வரும்னு நினைக்கட்டும்."

திருகாணி இறுகியது. சாம்பல் நிறத்தின் மேல் சிவப்பும் வெள்ளையும் பளிச்சென்று எழுந்தன. இத்தனை நேரம் காணாமல் போயிருந்த அட்டிகை இதோ இருந்தது. கண்ணாடியில் சின்னவள் ஒரு கணம் அம்மாவைப் போலத் தெரிந்தாள். பெரியவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ எனக்கு?" என்றாள் மணப்பெண்.

"உனக்கு அவ செஞ்ச ப்ளவுஸ். சேலையை யாரும் எப்பவும் கட்டலாம், அட்டிகை எந்தக் கழுத்துக்கும் சேரும். இது உன் அளவுக்கு வெட்டினது, வேற யாருக்கும் ஆகாது. கழுத்துல ஒண்ணும் வேண்டாம். காதுல சின்னத் தோடு. கொண்டையைத் தூக்கிப் போடு. உன் பூச்சேலையை மறுநாள் விருந்துக்கு, ஒரு கறுப்பு ப்ளவுஸோட கட்டிக்கோ. அன்னைக்கு அது பேசட்டும்."

"வரவேற்புக்குச் சேலை?"

மணப்பெண்ணே பதிலும் சொன்னாள். அச்சு பிசகினால் வேண்டியிருக்கும் என்று அதே சாயத்தில் இன்னொரு துணி அச்சில்லாமல் வைத்திருந்தாளாம். அதை எடுத்துவர ஆள் போனது. மாஸ்டர் முந்தானையைச் சின்ன மடிப்பாக மடித்துத் தோளோரத்தில் குத்தினார், ஆரிக் கொடி மறையாதபடி. பெரியவள் மறுபடியும் எதிர்ச் சுவருக்குப் போய்க் கண்ணைச் சுருக்கினாள். கருநீலம் அமைதியாகக் கிடந்தது. தங்கக் கொடி கழுத்தைச் சுற்றி ஏறி, பார்வையை நேராக முகத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

"இப்போ பொண்ணு கிடைச்சுட்டா" என்றார் மாஸ்டர்.

மறுநாள் சின்னவள் எல்லோருக்கும் முன்னால் மண்டபத்துக்கு வரவேண்டும் என்று பெரியவள் கட்டளை போட்டிருந்தாள். வந்தாள். வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கும் வேலையும் அவளுக்குத்தான். ஒன்றுவிட்ட அண்ணி ஒருத்தி, முதன்முதலில் அந்தப் பேச்சைக் கிளப்பியவள், கும்பிட்ட கையை இறக்காமலே நின்றுவிட்டாள்.

"இது... அத்தையோடதுதானே?"

"ஆமா அண்ணி. உள்ள வாங்க, உட்காருங்க."

அண்ணி உள்ளே போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்கடுத்தவளும் பார்த்தாள். பெரியவள் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி வரிசையாகத் திரும்பும் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கூட்டம் பாதி கலைந்தபோது சின்னவள் வந்து காதோடு கேட்டாள். "கழுத்து வலிக்குதுக்கா. கழட்டிடட்டுமா?"

"வலிக்கட்டும்டி. கடைசி ஆள் வாசலைத் தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம். போய் நில்லு."