காற்றாடி நின்றால் கேட்கும் குரல்

ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த அந்த அறையில் ஆறு பழைய கம்ப்யூட்டர்கள். ஆபீஸ்கள் கழித்துக்கட்டியவை. எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, காசு கேட்காத லினக்ஸையும், கட்டளைக் கட்டைகளை அடுக்கி விளையாட்டு செய்யும் ஸ்கிராட்ச்சையும் ஏற்றி வைத்திருந்தாள் அந்த இன்ஜினியர். வார நாளெல்லாம் கம்பெனிக்கு உழைத்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித் தருவாள். திரையில் ஒரு பூனையை நடக்க வைப்பதில் தொடங்கி, இப்போது ஆளாளுக்கு ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள்.

அன்று வகுப்பு முடியும் நேரம் பிள்ளைகளை வாயை மூடச் சொல்லிவிட்டு, தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியை நிறுத்தினாள். அறை அடங்கியது. மூலையிலிருந்து ஒரு பெண்குரல் மெல்லக் கேட்டது.

"சாப்டியா?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். குரல் நின்றுவிட்டது. அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. பேய் இருக்கிறதென்று கதை கட்டி இரண்டு பேர் வகுப்புக்கு முழுக்குப் போட்டார்கள். பேயாவது பிசாசாவது என்று அவள் சொன்னாலும், தனியாக இருக்கும்போது காற்றாடியை நிறுத்தக் கை வரவில்லை.

மூன்றாம் வாரம் பிள்ளைகள் வருமுன் மூலைக் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்துத் தேடினாள். யாருடைய பெயரும் இல்லாத ஒரு ப்ராஜெக்ட் கிடைத்தது. திரையில் உருவமே இல்லை, மறைத்து வைக்கப்பட்டிருந்தது. பிளாக்குகள் நாலே நாலு. எப்போதும் மைக்கைக் கேட்டுக்கொண்டிரு. சத்தம் ஆறுக்குக் கீழே போனால், மூன்று ஒலிகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து முழுதாக ஒலிக்க விடு. காற்றாடியின் இரைச்சலே பத்தைத் தாண்டும். அது நின்றால்தான் குரல் வரும்.

இவ்வளவு சுத்தமாக எழுதக்கூடியவள் வகுப்பில் ஒருத்திதான். பொடிசு என்று எல்லோரும் கூப்பிடும், வாயே திறக்காத பெண். கேட்டதும் ஒத்துக்கொண்டாள். அது அவளுடைய அம்மா. போன வருஷம் இறப்பதற்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். போனைத் தொட அப்பா விடமாட்டார் என்பதால், அவர் தூங்கும்போது பென் டிரைவில் எடுத்து வந்திருக்கிறாள்.

"அமைதியா இருந்தா மட்டும் ஏன் பேசணும்?" என்று கேட்டாள் இன்ஜினியர்.

"அம்மா அப்படித்தான் மிஸ். மத்தவங்க பேசி முடிக்கட்டும்னு காத்துட்டிருப்பாங்க."

கம்ப்யூட்டருக்கு யார் எவரென்று தெரியாது, அது சத்தத்தின் அளவைத்தான் பார்க்கிறது என்று இன்ஜினியர் பக்குவமாக எடுத்துச் சொன்னாள்.

"தெரியும் மிஸ். நான்தானே எழுதினேன்."

மூன்றாவது ஒலியில் ஒன்றுமே கேட்கவில்லையே என்றதற்கு, "அது அம்மா பேசாம இருக்கிறது" என்றாள் பொடிசு.

அப்பாவிடம் மறைக்க இன்ஜினியருக்கு மனசு ஒப்பவில்லை. சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த அந்த லேத் பட்டறைக்காரரிடம் பதமாகச் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவரோ சின்ன நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்து, போடச் சொன்னார். பொடிசு ஓடவிடும் பச்சைக் கொடியை அழுத்திவிட்டுக் காற்றாடியை நிறுத்தினாள்.

"சாப்டியா?"

"ம். ஆச்சு," என்றார் அவர், பழக்கத்தில் சொல்வதுபோல.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பாப்பாவைப் பாத்துக்கோ," என்றது குரல். குருட்டாம்போக்குதான் என்று இன்ஜினியருக்குத் தெரியும். இருந்தும் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை. மூன்றாவது ஒலி ஓடிக்கொண்டிருந்தது. அது கை தவறி அழுத்தி வந்த மெசேஜ் என்று நினைத்து, அப்போது போனில் இரண்டு நொடியிலேயே நிறுத்திவிட்டதாகச் சொன்னார் அவர்.

இன்ஜினியர் அந்த ஒலியைத் திறந்தாள். அலைக்கோடு தட்டையாகப் போய், கடைசியில் மட்டும் முடி கனத்துக்கு மேடு தட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, சத்தத்தைக் கூட்டும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். கோடு பருத்தது. ஓட விட்டாள். மூச்சு, கட்டில் கிறீச்சிடும் சத்தம், அப்புறம் பக்கத்திலிருந்து பேசுவதுபோல:

"கேக்குதா?"

பொடிசு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இதை அவளும் கேட்டதில்லை. அவர் திரைப்பக்கம் குனிந்தார்.

"கேக்குது," என்றார். "இப்பத்தான் கேக்குது."

அந்த ப்ராஜெக்டை அழிக்கட்டுமா என்று மகள்தான் கேட்டாள். வேண்டாம், ஆனால் மற்ற பிள்ளைகள் பயப்படும்படி ஓடவும் வேண்டாம் என்றார். பொடிசு தானே அதைப் பென் டிரைவுக்கு மாற்றி அவர் கையில் கொடுத்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினார்.

பயந்து நின்ற இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். பொடிசு இப்போது கார் பந்தயம் ஒன்று செய்கிறாள், காது கிழிகிறது. அவள் அப்பா சனிக்கிழமைகளில் முன்கூட்டியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே வாருங்கள் என்று இன்ஜினியர் கூப்பிட்டால், பிள்ளைகள் போகட்டும் என்பார். எல்லோரும் போனபின் அவருடைய பென் டிரைவைச் செருகி, காற்றாடியை நிறுத்தி, மூலை நாற்காலியை அவருக்கு விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினியர் வெளியே நிற்கிறாள். அவர் பேசுவது கேட்கிறது. அவர் நிறுத்தும் இடங்களில் அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள்.