வெஸ்ட்டில் அஸ்தமிக்காத சூரியன்

இது நடந்தது மே மாதம் என்பது உறுதி. என்ன தேதி, யார் முதலில் சிரித்தார்கள் என்பதெல்லாம் சரியாக நினைவில் இருக்கிறதா என்று கேட்டால், சந்தேகம்தான். ஜெயினுலாப்தீன் ஒரு மாதிரி சொல்வான், அஷ்வத் வேறு மாதிரி. மாரிசெல்வியின் பக்கம் நின்று சொன்னால் கதை இப்படி வருகிறது.

செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் அந்த ஸ்டுடியோ இருந்தது. இன்னும் கட்டி முடிக்காத ஃபிளாட்டுகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, வாங்க வருபவர்களை அதற்குள் நடக்க விடுவது அவர்கள் தொழில். முதலாளி அஷ்வத், மாட்டுங்காக்காரன். ஜெயினுலாப்தீன் சோபா, திரைச்சீலை, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் செய்வான். தாராவி மாரிசெல்வி வானம் செய்தாள்.

செய்தாளே தவிர, வரையவில்லை. அந்த வானத்துக்கு அவள் ஒரு நிறத்தையும் தொட்டு வைக்கவில்லை. காற்று எவ்வளவு அடர்த்தி, மேலே போகப் போக எப்படிக் குறைகிறது, தூசு எவ்வளவு, ஓசோன் எந்த உயரத்தில் என்று மட்டும் சொன்னாள். சூரியன் உச்சியில் நின்றால் நீலம் தானாக வரும். அடிவானத்துக்கு இறங்கினால் அதன் ஒளி முப்பது மடங்குக்கும் மேலான காற்றைத் துளைத்து வரவேண்டும்; நீலமெல்லாம் வழியிலேயே சிதறிப்போய், வந்து சேருவது ஆரஞ்சும் சிவப்பும்தான். சூரியன் மறைந்தபின் தலைக்கு மேலே சற்று நேரம் நிற்கும் ஆழ்ந்த நீலம் ஓசோன் தருவது. நட்சத்திரங்களுக்கு ஸ்விட்ச் கிடையாது. பகலிலும் அவை அங்கேயேதான் இருந்தன. வெளிச்சம் வடிய வடிய, கேமரா கண்ணை அகலத் திறக்க, பிரகாசமானவை முதலில் எட்டிப் பார்த்தன.

எட்டு மாத உழைப்பு. அது முதல்முறையாக வேலைக்குப் போகவிருந்தது ‘சந்த்யாராக்’ என்ற கட்டடத்துக்கு. செம்பூர் ஸ்டேஷனுக்கு வெஸ்ட்டில், ஏழு மாடி. விளம்பரப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: ஒவ்வொரு பால்கனியிலும் சூரிய அஸ்தமனம்.

பால்கனியில் அஸ்தமனம் வரவில்லை.

மாரிசெல்வி மணியை ஆறரைக்கு நகர்த்தினாள், ஏழுக்கு நகர்த்தினாள். வானம் அழகாகச் சிவந்தது, ஆனால் இடது பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம். பால்கனிக் கம்பியில் வயிற்றை மடித்துக் கழுத்தை நீட்டினால் ஒரு கீற்று தெரியும்.

“உன் சூரியன் குர்லா ஜங்ஷன்ல வண்டி மாறிட்டான் போலிருக்கே” என்றான் ஜெயினுலாப்தீன்.

“வாய மூடிட்டு ஒன் சோபாவப் பாருல.”

“சோபா வச்ச எடத்துல இருக்குத் தாயி. சூரியனத்தான் காணும்.”

அஷ்வத் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டான். “மாரி, வெள்ளிக்கிழமை சைட்ல டெமோ. பில்டர் ஆபீஸ்லேருந்து வந்தனா மேடம் வரா. அதுக்குள்ள பால்கனில சன்செட் வரலேன்னா ஃபோட்டோ வானத்த ஒட்டிடறேன். நீ பழையபடி ஜெயினுவோட சோபாக்குப் பாலிஷ் போடு. வேற வழி இல்ல.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

மூன்று நாள் தேடினாள். அட்சரேகை பத்தொன்பது, சரி. தீர்க்கரேகை, சரி. இந்திய நேரம், சரி. சூரியன் நிற்கும் திசைக்கான கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள்; மே மாதம் மும்பையில் சூரியன் நேர் மேற்கில் இறங்காமல் இருபது டிகிரி வடக்கே தள்ளி இறங்கவேண்டும். திரையிலும் அப்படியே இறங்கியது. தப்பே இல்லாத ஒன்றில் தப்பைத் தேடுவது போல ஓர் அலுப்பு இல்லை. வியாழக்கிழமை ஒரு மணிநேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

கூப்பிட்டது அம்மா மீனாட்சியம்மாள், போனில்.

“ஏட்டி, கணேசபாண்டியன் அண்ணாச்சி வீட்டுல மவளுக்கு நாளைக்குச் சடங்கு. ஆபீஸ்லேருந்து அப்படியே வந்திரு. வழி தெரியும்லா?”

“தெரியாதும்மா.”

“செம்பூர் ஸ்டேஷன்ல வெஸ்ட்ல எறங்கு. எறங்கி நேரா வடக்க பாத்து நட.”

“வெஸ்ட்ல எறங்குனா மேக்கல்லாம்மா போவணும்?”

“மேக்க எதுக்குட்டி போற? மேக்க போனா தண்டவாளத்தோடயே குர்லாவுக்குல்லா போவ! வெஸ்ட்ல எறங்கு, வடக்க நட. இங்கிலீசு படிச்சவளுக்கு இதுகூடவா தெரியல?”

மாரிசெல்வி போனை வைக்காமலே எழுந்து நின்றாள்.

வெஸ்ட் என்பது வேறு, மேற்கு என்பது வேறு. மும்பையில் வெஸ்ட் என்றால் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். தாதரில், முலுண்டில் பாதை தெற்கு வடக்காக ஓடுவதால் வெஸ்ட் மேற்காகவே இருந்து தொலைத்தது. செம்பூரில் பாதை கிழக்கு மேற்காகப் படுத்துக் கிடக்கிறது. இங்கே வெஸ்ட் வடக்கில் இருந்தது. பிரசுரம் எழுதிய எவனோ ‘வெஸ்ட்’ என்பதைப் படித்துவிட்டுச் சூரியனை அங்கே இறக்கிவிட்டான்.

அஷ்வத் முழுவதையும் கேட்டான். பிறகு சொன்னான்: “நம்ம சாஃப்ட்வேர்ல வடக்க திருப்ப ஒரு நம்பர் இருக்கோன்னோ? தொண்ணூறு டிகிரி திருப்பிடேன். யாருக்குத் தெரியப் போறது?”

“திருப்பலாம் சார். அப்ப மேக்க இருக்கிற குர்லாவ எங்க கொண்டு வைக்க?”

ஜெயினுலாப்தீன் சிரித்தான். அஷ்வத் சிரிக்கவில்லை. “ஃபோட்டோ வானமும் என் லேப்டாப்ல இருக்கும். நாளைக்குப் பாக்கலாம்” என்றான்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு ஏழாவது மாடியின் மொட்டை கான்கிரீட்டில் நின்றார்கள். பால்கனி வரப்போகும் இடத்தில் ஒரு கயிறுதான் தடுப்பு. கட்டுமான நிறுவனத்தின் விற்பனைத் தலைவி வந்தனா முலுண்டிலிருந்து டிராஃபிக்கில் மாட்டி வந்திருந்தாள்.

“காட்டுங்க. சன்செட் எங்கே?”

மாரிசெல்வி லேப்டாப்பைத் திறந்து, அன்றைய தேதியையும் அந்த நிமிடத்தையும் கொடுத்து, திரையை வானத்துக்குப் பக்கத்தில் வரும்படி தூக்கிப் பிடித்தாள். திரையில் இடது ஓரம் சிவந்திருந்தது. வெளியேயும் இடது ஓரம் சிவந்திருந்தது. தூசு நிறைந்த செம்மஞ்சள் சூரியன், தண்டவாளத்தின் மறுமுனையில், குர்லாவின் தலைக்கு மேல்.

“இது என்ன, கழுத்த திருப்பினாத்தான் தெரியுது?” என்றாள் வந்தனா.

“மேடம், இது வெஸ்ட். மேற்கு அங்க இருக்கு.”

வந்தனா திரையைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், கையிலிருந்த பிரசுரத்தைப் பார்த்தாள். அஷ்வத்தின் விரல், ஃபோட்டோ வானம் இருந்த தன் லேப்டாப்பின் மூடியில் இருந்தது. கீழே ஒரு லோக்கல் ரயில் போய் முடிந்தது. திரையிலும் வெளியிலும் சூரியன் ஒரே நேரத்தில் பாதியானது, பிறகு கீற்றானது, பிறகு இல்லை.

“அரே தேவா” என்றாள் வந்தனா மெதுவாக. “பத்தாயிரம் பிரதி அச்சடிச்சாச்சு. கட்டடத்தையா திருப்ப முடியும்?” பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, இந்தப் பால்கனிலேருந்து என்னதான் தெரியும்?”

மாரிசெல்வி மணியை எட்டுக்கு ஓட்டினாள். நீலம் கறுத்தது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதிரே, கொஞ்சம் இடப்பக்கம், அடிவானத்துக்கு மேல் பத்தொன்பது டிகிரியில் மங்கலாக ஒன்று.

“துருவ நட்சத்திரம் மேடம், அதான் வடக்கு. எந்த மாசமும் அங்கேயேதான் நிக்கும். மத்தியான வெயிலும் இங்க வந்து மொகத்துல அடிக்காது.”

வந்தனா அஷ்வத்தின் பக்கம் திரும்பினாள். “இந்த வானத்த மாத்தாதீங்க. பிரசுரத்த மாத்திக்கறேன்.”

அஷ்வத் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தான். மாரிசெல்வி சடங்கு வீட்டுக்கு ஒன்றரை மணிநேரம் தாமதமாகப் போனாள். ஏழு மாடி இறங்கி, வெஸ்ட்டிலிருந்து வடக்கே நடந்து.

புதிய பிரசுரத்தில் ‘வெயில் அடிக்காத பால்கனி’ என்று அச்சாயிற்று. அஸ்தமனத்துக்காகப் பதிவு செய்திருந்த இரண்டு குடும்பங்கள் விலகிக்கொண்டன; மற்றவர்கள் இருந்தார்கள். வந்தனா இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறாள். அஷ்வத் ஸ்டுடியோவை முலுண்டுக்கு மாற்றிவிட்டான். ஜெயினுலாப்தீன் துபாயில் சோபா செய்கிறான், அங்கேயும் கம்ப்யூட்டரில்தான். மீனாட்சியம்மாளுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. மாரிசெல்வி இன்னும் வானம் செய்கிறாள். தற்சமயம் மேகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.