விட்டுப்போன கால்

ஜாபருக்கு நாலு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. துறைமுகத்தில் கிரேன்காரனுக்குக் கை காட்டும் வேலை. ஒருநாள் கீழே நின்ற ஆள் விலகும் முன்பே 'ஆரியா' என்று இறக்கச் சொல்லிவிட்டான். இரும்புக் கட்டு அந்த ஆள், கூட வேலை செய்யும் கமாலின் வலது காலில் இறங்கியது. காலை எடுத்துவிட்டார்கள். கமால் இருக்கும் சந்து ஜாபர் வீட்டுக்குப் போகும் வழியில்தான். அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு ஜாபர் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

தூக்கம் கெட்டவன் கை காட்டினால் இன்னொருவன் கால் போகும். பயந்துபோய் டாக்டரிடம் போனான். அவர் ஒரு தாளை எழுதிக் கொடுத்து, "படுக்கும்போது யாராவது இதை மெதுவாகப் படிக்க வேண்டும்" என்றார். பெண்டாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வண்ணாரப்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடும் மஜீதின் கடைக்கு வந்தான். அங்கே புதிதாக ஒரு டேப் மிஷின் இருந்தது; தானே படித்துப் பதிந்துகொண்டால் படுக்கும்போது போட்டுக் கேட்கலாம்.

"மூச்சை இழு! விடு!" என்று ஜாபர் படித்தான்.

மஜீது சிரித்தான். "இன்னா பாய், மூட்டை தூக்கவா கூப்புடுறே? கண்ணாடிப் பெட்டிய இறக்குறப்போ எப்டி சொல்லுவே? அப்டி சொல்லு. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் நீயே ஒரு மூச்சு வுட்டுட்டு அடுத்ததப் படி."

இரண்டாம் முறை குரல் இறங்கியது. "மூச்சை மெதுவாக இழு. மெதுவாக விடு." அடுத்த வரி பாதம். அதற்கடுத்தது முழங்கால். ஜாபர் இரண்டையும் தாண்டி வயிற்றுக்குப் போனான். "வயிறு தளரட்டும். தோள் தளரட்டும். பற்களைக் கடிக்காதே, தாடை தளரட்டும். நினைப்பு ஓடினால் ஓடட்டும். மூச்சுக்குத் திரும்பி வா. தூக்கம் வரும்போது வரட்டும்."

மஜீது போட்டுக் காட்டினான். வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரின் கம்பியைக் கழற்ற மறந்திருந்தான், புத்திசாலி. 'தோள் தளரட்டும்' என்று தெருவே அதிர்ந்தது. கறிக்கடைக்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். மானம் கப்பலேற, ஜாபர் தாளைச் சுருட்டிக்கொண்டு தலைகுனிந்து ஓடினான். அவசரத்தில் கடைக்கு எதிரே இருந்த கமாலின் சந்தில் நுழைந்துவிட்டான்.

"ஜாபரு!" கமால் வாசல் கட்டிலில் படுத்திருந்தான். "இன்னாத்துக்கு கால வுட்டுட்டே?"

ஜாபருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"ஸ்பீக்கர்ல கேட்டேன், மூச்சுலேர்ந்து நேரா வவுத்துக்குத் தாவிட்டே. இல்லாத காலுதான்டா என்னியத் தூங்க வுட மாட்டேங்குது. இல்லாத வெரலு சுருண்டுகினு வலிக்குது. வா, அதையும் சொல்லு."

ஜாபர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மடித்துச் செருகிய கைலியைப் பார்க்காமல் படித்தான்: "வலது பாதம் தளரட்டும், விரல்கள் தளரட்டும், முழங்கால்..."

"மெதுவா." கமால் கண்ணை மூடியிருந்தான். "அன்னிக்கும் இதே அவசரந்தான்."

ஜாபர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு, வலது பாதத்திலிருந்து மறுபடி தொடங்கினான்.