பார்த்தாச்சு, யாருக்காக?

மூன்று மணிக்குக் கையெழுத்து. இப்போதே மணி ஒன்றே முக்கால்.

ரூபினி அந்த உறையைப் பிரிக்காமல் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பத்தான் பார்த்தாள். உறையின் மேலிருந்த வரி விடவில்லை. 'கையெழுத்துப் போடும் முன் படி.'

அபிராமி அக்காவின் எழுத்து. சொந்தக் கம்பெனி நடத்தி, அதை மூடவும் செய்தவர். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வழிகாட்டும் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு முன் அறிமுகம். இதுவரை எதையும் காகிதத்தில் எழுதி அனுப்பியதில்லை.

"என்னா போஸ், காதல் கடுதாசியா?" படிக்கட்டில் நின்று சாவியைச் சுழற்றினார் லோகேஸ்வரன். ரூபினியின் தலைமை மெக்கானிக்; முதலாளியை 'போஸ்' என்றுதான் கூப்பிடுவார். "கமாலுதீன் பாய் ஜும்ஆ தொழுகை முடிஞ்சு நேரா ஜுரு யார்டுக்கு வந்துருவாரு. பாலத்துல மாட்டுனோம்னா அவ்ளோதான்."

"நீங்க ஓட்டுங்கண்ணே. நான் படிக்கிறேன்."

பினாங்கு ஜார்ஜ்டவுனில் மாடியில் ஓர் அறை, கீழே ஒரு வேன், ஐந்து பேர். இதுதான் ரூபினியின் 'பார்த்தாச்சு' கம்பெனி. பழைய கார் வாங்கப் போகிறவர் கூப்பிட்டால், போய்க் காரைக் குடைந்து பார்த்து, வாங்கலாம், கூடாது என்று எழுதிக் கொடுப்பார்கள். தேறிய காருக்குக் கண்ணாடியில் பச்சை வட்ட ஸ்டிக்கர். இரண்டு வருஷத்தில் அந்த வட்டத்தை ஊர் அடையாளம் கண்டுகொள்ள ஆரம்பித்திருந்தது. வருமானம்தான் இன்னும் அடையாளம் காணவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பெரிய வேலை எதுவும் வராவிட்டால் இரண்டு பேரை நிறுத்தியாக வேண்டும். அதில் ஒருவர் லோகேஸ்வரனின் மச்சான்.

பெரிய வேலை வந்தது. பாலம் தாண்டி ஜுருவில், பழைய கார் விற்கிற பெரிய யார்டு கமாலுதீனுடையது. மாதம் அறுபது கார். விற்பனைக்கு வைக்கும் முன்பே பார்த்துக் கொடுக்க வேண்டும். பணம் அவர் தருவார். தேறியதற்கு ஸ்டிக்கர். நாளைக் காலை அவருடைய மூன்று நாள் கார் விழா தொடங்குகிறது.

பாலத்தில் ஏறியதும் வேன் ஊர்ந்தது. ரூபினி உறையைக் கிழித்தாள்.

'ரூபினி,

வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டை விரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம்.

கமாலுதீன் வேண்டாம் என்று சொல்லிவிடு. அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. விற்கிறவர் என்று தெரியும். அது போதும்.

புக்கிட் தெங்காவில் என் கம்பெனி என்ன செய்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வெல்டர்களுக்குச் சோதனை வைத்துச் சான்றிதழ் கொடுத்தோம். ஆள் எடுக்கிற தொழிற்சாலை காசு கொடுக்கும். நூறு பேர் வந்தால் நாற்பது பேரைக் கழிப்போம். தொழிற்சாலைக்காரர் சந்தோஷமாகக் கொடுத்தார். அந்த நாற்பது பேரைக் கழித்ததற்குத்தானே காசு! பிறகு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் ஒருவர் வந்தார். ஒரே வாரத்தில் இருநூறு பேர். நான் கணக்குப் போடாமல் தலையாட்டினேன். அதே சோதனை, அதே மதிப்பெண், லஞ்சம் ஒரு காசு கிடையாது. ஆனால் தோற்ற ஆளின் தாளை அவர் கிழித்துப் போட்டார். அதே ஆளை மூன்று தடவை திரும்பக் கூட்டி வந்தார். தொழிற்சாலைக்குப் போனது தேறிய தாள் மட்டும். நாங்கள் எழுதியது எல்லாம் உண்மை. அதில் எந்த உண்மை வெளியே போகலாம் என்பதை அவர் முடிவு செய்தார், ஏனென்றால் காசு அவருடையது.

எட்டாவது மாதம் ஒரு சூப்பர்வைசர் எங்கள் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே, தொழிற்சாலைக் கேட்டில் வேலைக்கு வந்தவரிடம் ஓர் இரும்புத் துண்டை நீட்டி "ஒட்டிக் காட்டு" என்றார். கம்பெனி அன்றைக்கே செத்தது. பூட்டியது மறு வருஷம்.

நிபந்தனை போட்டுக்கொள்ளலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. உன் நேர்மையை நான் சந்தேகப்படவே இல்லை. ஆனால் உன் வட்டத்தைப் பார்க்கிறவர் மனசுக்குள் கேட்பது ஒன்றுதான்: இவள் யார் பக்கம்? இன்று அதற்கு ஒரே பதில் இருக்கிறது. அந்த ஒரே பதிலைத்தான் நீ விற்கிறாய். வேறு எதையும் நீ விற்கவில்லை.

மறுத்தால் வலிக்கும். யாரையாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டியும் வரலாம். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் நீ யாருடைய வேலையை எடுக்க மாட்டாய் என்று ஊருக்குத் தெரிந்தால்தான் அந்த ஸ்டிக்கருக்கு மதிப்பு.

அபிராமி.'

ரூபினி கடிதத்தை மடித்தாள். அக்காவுக்கென்ன, எழுதிவிடலாம். மாதக் கடைசி அவருக்கா வருகிறது?

"என்னா போட்டிருக்கு?"

"வேணாமாம்."

லோகேஸ்வரன் சிரிக்கவில்லை. "அவங்க என் மச்சான் வீட்டுல வந்து ஒரு நாள் சாப்பிட்டுப் பாக்கட்டும் லா."

கைப்பேசி அடித்தது. பாகான் டாலாமில் இருக்கும் குணவதி டீச்சர். போன மாதம் ஒரு சாம்பல் நிறக் காரைப் பார்க்கச் சொல்லி, அது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார் என்று ரூபினி எழுதிக் கொடுத்ததும் வாங்காமல் விட்டவர்.

"ஏம்மா ரூபினி, நான் தம்பிக்குக் காடி பாக்க ஜுரு வந்திருக்கேன். நீ எனக்கு வேணாம்னு சொன்னியே, அதே காடி இங்க நிக்குது. அதே நம்பரு."

"ஓனர் யார்டுல தள்ளிவிட்டிருப்பாரு டீச்சர். வாங்காதீங்க."

"நான் வாங்கல. கண்ணாடியில உன் பச்சை ஸ்டிக்கர் இருக்கு. அதான் கேக்குறேன். எனக்குச் சொன்னது பொய்யா, இங்க ஒட்டிருக்கிறது பொய்யா?"

"எந்த யார்டு டீச்சர்?"

கமாலுதீனுடையதுதான்.

போனை வைத்தாள். "அண்ணே. புதன்கிழமை பாய் யார்டுல சாம்பிளுக்கு எத்தனை காடி பார்த்தீங்க?"

"இருபது. பதினேழு பாஸு, மூணு அவுட்டு."

"ஸ்டிக்கர் எத்தனை குடுத்தீங்க?"

லோகேஸ்வரன் முன்னாலிருந்த லாரியையே பார்த்தார். வேன் பாலத்தை விட்டு இறங்கி, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தது.

"அண்ணே!"

"ரோலோட குடுத்துட்டேன் போஸ். மழை வந்துச்சு. அவங்களே ஒட்டிக்கிறேன்னாங்க. எப்படியும் வெள்ளிக்கிழமை கையெழுத்துதானேன்னு..."

யார்டு வாசலில் பலூன் வளைவு. விழா நாளைக்குத்தான் என்றாலும் கூட்டம் இன்றே வந்துவிட்டிருந்தது. ரூபினி வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே நடந்தாள். பச்சை வட்டம் பதினேழு இருக்க வேண்டும். முப்பத்தொன்று இருந்தது.

சாம்பல் நிறக் கார் முன் வரிசையிலேயே நின்றது. பக்கத்தில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் ஆள். அவருக்கு எதிரே ரசீதுப் புத்தகத்தோடு விற்பனையாள். கொஞ்சம் தள்ளி, தம்பியோடு, கையைக் கட்டிக்கொண்டு குணவதி டீச்சர். வகுப்பில் காப்பியடித்தவனைப் பார்க்கிற பார்வை.

"வா தங்கச்சி!" ஜிப்பா மடிப்புக் கலையாமல் கமாலுதீன் வந்தார். கையில் ஒப்பந்தம். "மூணு மணின்னா மூணு மணி. இப்படித்தான் இருக்கணும்."

"பாய், இந்தக் காடிய நாங்க பாஸ் பண்ணல."

அவர் காரைப் பார்த்தார். விற்பனையாளைப் பார்த்தார். முகத்தில் நிஜமாகவே எரிச்சல். "எவன்டா ஒட்டுனது? ...பசங்க தப்பு. எடுத்துருவோம். இது ஒண்ணுதானே?"

"பதினாலு."

"பதினாலையும் எடுத்துரலாம். இனிமே உன் ஆளு மட்டுந்தான் ஒட்டணும்னு எழுதிக்க. நீயே எழுது. பேனா இருக்குல்ல?"

நிபந்தனை. அக்கா எழுதியபடியே வந்து நிற்கிறது. நல்ல நிபந்தனை. லோகேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொண்ணையும் எடுக்கணும் பாய்."

"உனக்கு என்னா பைத்தியமா? பதினேழு உன் ஆளுங்களே பாஸ் பண்ணுனது!"

"நல்ல காடிதான். தோத்த மூணும் எங்க?"

"பின்னால நிக்குது. விலை கொறைச்சு வைப்போம்."

"என் ரிப்போர்ட்டு?"

கமாலுதீன் தோளைக் குலுக்கினார். "தோத்த ரிப்போர்ட்ட யாராச்சும் கண்ணாடியில ஒட்டுவானா?"

"அதான் பாய். உங்க காசுல நான் பார்த்தா, நல்லதுதான் வெளிய வரும். நான் பொய்யே சொல்லாம ஊரை ஏமாத்துனவளா ஆயிருவேன். எனக்கு இந்த வேலை வேணாம்."

அவர் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, யோசிச்சுப் பேசு. ஜுருவுல இருக்கிற யார்டெல்லாம் நம்ம ஆளுங்க. வாங்குறவன் உன்னைக் கூப்பிட்டாலும், உள்ள வந்து பாக்க ஒருத்தன் கேட் தொறக்கணும்ல? ஒரு போன் போட்டா உனக்கு ஒரு கேட்டும் தொறக்காது."

அது வெறும் மிரட்டல் இல்லை. அவரால் முடியும். காரைத் தொட முடியாவிட்டால் 'பார்த்தாச்சு' எதைப் பார்க்கும்?

ரூபினி கையை நீட்டினாள். "அண்ணே, பிளேடு."

லோகேஸ்வரன் அசையவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு கருவிப் பெட்டியைத் திறந்து சுரண்டும் பிளேடை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

முதல் வட்டம் சாம்பல் காரில். கரகரவென்ற சத்தத்துக்குக் கூட்டம் திரும்பியது. குழந்தைக்காரர் பதறினார். "ஏன் எடுக்கிறீங்க? இதப் பார்த்துதான் நான் புக்கிங் போட வந்தேன்!"

"இது உங்களுக்காக ஒட்டுனது இல்லண்ணே."

"அப்ப எனக்காகப் பாப்பீங்களா? காசு நான் தர்றேன்."

"நீங்க கேட்டா பாப்பேன்." ரூபினி கமாலுதீன் பக்கம் திரும்பினாள். "யார்டு தவுக்கே இவரு விட்டா."

பதினைந்து, இருபது பேர். எல்லார் கண்ணும் ஜிப்பாவின் மேல். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கமாலுதீனுக்கு அது புரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒப்பந்தத்தை மெதுவாகச் சுருட்டினார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்," என்றார்.

லோகேஸ்வரன் காருக்குள் ஏறினார். ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். சுத்தமாகப் பளபளத்தது. இன்னும் இழுத்தார், பெல்ட் முழுவதும் வெளியே வரும்வரை. யாரும் கழுவாத கடைசி முழத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் பழுப்புச் சேற்றுக் கறை. தண்ணீர் நின்ற உயரம்.

குழந்தைக்காரர் அதைப் பார்த்தார். விற்பனையாளின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தக் காடிய உள்ள தள்ளு," என்று கமாலுதீன் யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார். போகும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

குணவதி டீச்சர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "தம்பி இந்தப் பக்கம் வா. இவங்க காட்டுறதப் பாரு. அப்புறமா பேசுவோம்." அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

ரூபினி அடுத்த காருக்குப் போனாள். பத்தாவது வட்டத்தில் இன்னொரு பிளேடின் சத்தம் பக்கத்தில் கேட்டது. லோகேஸ்வரன்.

"திங்கக்கிழமை எல்லாக் கேட்டும் சாத்தியிருக்கும் போஸ்."

"சாத்தட்டும். வாங்குறவன் நம்மளக் கூட்டிட்டு வந்து, அவன் கேட்டச் சாத்துனா, வாங்குறவன் என்னாண்ணே நினைப்பான்?"

லோகேஸ்வரன் சுரண்டினார். உரிந்த பச்சைத் துண்டு கட்டை விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"என் மச்சான்கிட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது."

"நானே வர்றேண்ணே. இன்னிக்கே."

சுரண்ட இன்னும் இருபது வட்டம் இருந்தது.