தங்க நிறச் சங்கிலி

அல்பம் மேசையில் விழுந்த சத்தத்தில், பாஸ்போட் படத்துக்குத் தலை சீவிக்கொண்டிருந்த பெண் சீப்பைத் தவறவிட்டாள்.

"ஆர் இந்தக் கடையிலை முதலாளி?"

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்து ஸ்ரூடியோ அது. முதலாளி டினேஸ் அந்த நேரம் பார்த்துக் கமராவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். படங்களைத் திருத்தும் ஆரபி கணினிக்கு முன்னால் இருந்தபடி திரும்பிப் பார்த்தாள். வந்திருந்த அம்மாவை அவளுக்குப் படங்களில் பார்த்துத் தெரியும். தெல்லிப்பழை மீனாம்பிகை. போன கிழமை முழுக்க அவருடைய சேலையைத்தான் அவள் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கோ அன்ரி, நான்தான்" என்றான் டினேஸ்.

மீனாம்பிகை அல்பத்தைத் திறந்து நடுப்பக்கத்தில் விரலால் குத்தினார். கணவரின் தங்கை மகளின் கலியாணத்தில் எடுத்த குடும்பப் படம். மாப்பிள்ளை, பொம்பிளை, பக்கத்தில் கதிரையில் மீனாம்பிகையின் கணவர் முருகேசு, அவருக்குப் பின்னால் மீனாம்பிகை.

"என்ரை கழுத்தைப் பார் தம்பி. என்ன இருக்கு?"

டினேஸ் குனிந்து பார்த்தான். "ஒண்டும் இல்லை அன்ரி."

"அதைத்தான் நானும் கேக்கிறன்! என்ரை தாலிக்கொடி எங்கை? அவருக்கு நெஞ்சு வெட்டி ஒப்பரேசன் செய்து போன மாசம்தான் வீட்டை வந்தவர். படத்தைப் பாத்திட்டு, 'என்ன மீனா, நான் செத்துப்போனனோ?' எண்டு கேக்கிறார். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவர். எனக்குச் சிரிப்பு வரேல்லை. வெறுங்கழுத்தோடை என்னை நிப்பாட்டி ஊர் முழுக்கக் காட்டியாச்சு!"

டினேஸின் முகம் வெளிறியது. உடனே கை நீண்டது. நீண்ட இடத்தில் ஆரபி இருந்தாள்.

"உந்தப் பிள்ளைதான் திருத்தினது அன்ரி. கவனமில்லை. நான் இண்டைக்கே வேலையால நிப்பாட்டிறன்."

ஆரபி கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"நானோ? நல்லா இருக்கு அண்ணை. அன்ரி, இஞ்சை வாங்கோ. வந்து இருந்து பாருங்கோ. என்னைத் திட்டுறதெண்டால் பாத்திட்டுத் திட்டுங்கோ."

"ஆரபி, நீர் பேசாமல் இரும்."

"இருக்கமாட்டன்."

மீனாம்பிகை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆரபி படத்தைத் திரையில் திறந்தாள். எடுத்தபடியே இருந்த படம். மீனாம்பிகையின் வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்கே ஒரு கைப்பை தொங்கியது. லண்டனிலிருந்து மூத்த மகள் அனுப்பிய பை. பட்டிக்குப் பதிலாகத் தங்க நிறச் சங்கிலி.

"பொம்பிளையின்ரை அம்மா, உங்கடை மச்சாள் குணலட்சுமி அன்ரி, இந்தப் பையைப் படத்திலயிருந்து எடுக்கச் சொன்னவ. எடுக்கிறது லேசு. அதுக்குக் கீழை இருக்கிற சேலைதான் கரைச்சல். பாருங்கோ, உங்கடை முந்தானை மடிப்பு இடுப்பிலயிருந்து இடது தோளுக்குச் சரிஞ்சு போகுது. சங்கிலி அதைக் குறுக்காலை வெட்டுது. மேலை அஞ்சு மடிப்பு தெரியுது, கீழை மூண்டுதான். மற்ற ரெண்டையும் சங்கிலி நசுக்கிப்போட்டுது. சங்கிலியை மட்டும் அழிச்சால் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒண்டோடை ஒண்டு முட்டாது. பையின்ரை பாரம் சேலையை இழுத்த சுருக்கமும் அப்பிடியே நிக்கும். பை இல்லாமல் ஆரோ இழுக்கிற மாதிரி."

படத்தின் மேல் தான் திருத்தி வைத்திருந்த அடுக்கைத் திறந்தாள். சங்கிலி மறைந்தது. மடிப்புகள் தோளிலிருந்து கீழே ஓடின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். சரிகைக் கரை முறியாமல் போனது. இடுப்புக்குக் கிட்ட மட்டும் இரண்டு மடிப்பு அந்தரத்தில் நின்றது.

"நீங்கள் பையில்லாமல் பந்தலுக்கை நிண்ட படமொண்டு இருந்தது. அதிலயிருந்துதான் சேலைத் துணியை எடுத்து, வளைச்சு, வெளிச்சத்தை இதுக்கு ஏத்த மாதிரி மாத்தி வைச்சனான். இந்த ரெண்டு மடிப்பும்தான் மிச்சம். கொடியைப் பாருங்கோ. சங்கிலி குறுக்கால போற இடத்திலை ஒரு துண்டு மறைஞ்சு கிடந்தது. அதையும் கட்டித் தனி அடுக்காய் வைச்சிருக்கிறன்."

கொடி மீனாம்பிகையின் கழுத்தில் முழுதாக மின்னியது.

"அப்ப இது?" அல்பத்தைக் காட்டினார் அவர்.

"பல்லுப் பிடுங்க வெள்ளிக்கிழமை அரைநாள் லீவிலை போனனான். திரும்பி வரேக்கை அல்பம் அச்சுக்குப் போயிட்டுது. ஆர் அனுப்பினதெண்டு அண்ணையைக் கேளுங்கோ."

டினேஸ் கமராவைக் கீழே வைத்தான். "கொழும்புக்கு அச்சுக்கு அனுப்பவேணும், பஸ் போகப் போகுது. ஒரு அமத்தலிலை அழிக்கிற வசதி கணினியிலை இருக்குத்தானே. நான்..."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்? சொல்லுங்கோ அண்ணை."

"தங்க நிறமாய் ரெண்டு கோடு குறுக்கும் மறுக்குமாய்க் கிடந்தது. ரெண்டும் பையின்ரை சங்கிலியெண்டு நினைச்சு..."

தலை சீவிய பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டையும் சேத்து வளைச்சுப் போட்டு அழிச்சிருக்கிறார் அன்ரி. கணினி என்ன செய்யும்? அதுக்குத் தெரிஞ்ச துணியை அந்த இடத்திலை நிரப்பிப்போட்டுது. மடிப்பைப் பாருங்கோ, தோளிலை தொடங்கி நெஞ்சிலை காணாமல் போகுது. கழுத்திலை மிஞ்சின துண்டையும் அண்ணை கையாலை துடைச்சிருக்கிறார்."

"அட மடையா!" மீனாம்பிகை எழுந்தார். "நீ யாழ்ப்பாணத்திலைதானே பிறந்தனி? கொடிக்கும் கைப்பைக்கும் வித்தியாசம் தெரியாதோ? உனக்கு ஒரு கொம்மா இல்லையோ?"

"இருக்கிறா அன்ரி."

"அவவிட்டைக் கேட்டிருக்கலாமே!"

ஆரபி கையைக் கட்டிக்கொண்டாள். "குணலட்சுமி அன்ரிக்கும் என்ரை பிழையெண்டுதான் அண்ணை சொல்லியிருப்பார். இப்ப ஃபோன் எடுத்து உண்மையைச் சொல்லட்டும். அதுக்குப் பிறகுதான் இந்தப் படத்திலை கை வைப்பன். இல்லாட்டி வேறை ஆளைப் பாக்கட்டும்."

டினேஸ் மீனாம்பிகையைப் பார்த்தான். அவர் ஃபோனைச் சுட்டிக்காட்டினார். எடுத்தான். "சத்தமாய்ப் போடு" என்றார் அவர். போட்டான்.

"அன்ரி, அந்தக் கொடி விசயம்... ஆரபி இல்லை. நான்தான் பிழை விட்டனான்."

குணலட்சுமியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "சரி தம்பி, அதை விடும். கொடி போனால் பிறகு போடலாம். அந்தப் பை போச்சுதெல்லோ, அதுவே போதும். கலியாண வீட்டுக்குப் பஸ் கொண்டக்டர் மாதிரிப் பையைக் கொழுவிக்கொண்டு வந்து..."

மீனாம்பிகை ஃபோனைப் பறித்தார்.

"குணம்! அந்தப் பைக்குள்ளை என்ன இருந்ததெண்டு தெரியுமோ? உன்ரை கொண்ணைக்கு, என்ரை மனிசனுக்கு, நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசை. பந்தலிலை அவருக்கு மூச்சு முட்டினால் நீயோ ஓடிவந்து குடுத்திருப்பாய்? நான் பொம்பிளைக்கு அறுகரிசி போட்டு வாழ்த்தேக்கையும் பையைக் கழட்டாமல் நிண்டது அதுக்குத்தான். ஒருக்கால், ஒரே ஒருக்கால், பந்தலுக்கை கழட்டி இளையவளிட்டைக் குடுத்திட்டு நிண்டன். அந்த ரெண்டு நிமிசமும் நெஞ்சு பதறினது எனக்குத்தான் தெரியும்!"

அவர் ஃபோனைப் பட்டென்று மேசையில் வைத்தார்.

"பிள்ளை, அந்தப் பை திரும்பி வருமோ?"

ஆரபி தான் திருத்திய படத்தை ஒருமுறை பார்த்தாள். எத்தனை மடிப்பு! ஆனாலும் சுட்டியை நகர்த்தினாள். அடுக்கை மூடினாள். சங்கிலி வந்தது, நசுங்கிய மடிப்புகள் வந்தன, கொடியும் அதன் குறுக்கே கிடந்தது.

"இப்பிடியே அச்சடி. அல்பத்தைக் குணத்தின்ரை வீட்டுக்கும் இந்தத் தம்பியே கொண்டுபோய்க் குடுக்கட்டும்" என்றார் மீனாம்பிகை.

டினேஸுக்கு மூச்சு வந்தது. "அப்ப பிரச்சினை முடிஞ்சுது. ஆரபி, நீர் அடுத்த வேலையைப் பாரும்."

"முடியேல்லை அண்ணை." அவள் அல்பத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினாள். "அண்டைக்குப் பையோடை வந்தவை அன்ரி மட்டுமில்லை. இன்னும் எத்தனை பேரின்ரை கழுத்தைத் துடைச்சனீங்கள் எண்டு பாக்கவேணும். பக்கத்திலை வந்து இருங்கோ."