உண்டியலில் விழுந்த ஐந்து பவுன்

அம்மனுக்குச் சாத்தாமல் பெட்டியில் கிடக்கும் காணிக்கைப் பொன்னையெல்லாம் மும்பையிலுள்ள அரசு தங்க உருக்காலைக்கு அனுப்பி, சுத்தத் தங்கக் கட்டியாக்கி வங்கியில் முதலீடு செய்யப் போவதாகச் செயல் அலுவலர் சொன்னார். அதைக் கேட்டதும் அறங்காவலர் செந்தூர்பாண்டிக்கு வாயிலிருந்த வெற்றிலை தொண்டையில் இறங்கிவிட்டது. அனுப்புமுன் ஒவ்வொரு நகையையும் உரசிப் பார்ப்பார்களாம்.

மூன்று வருடத்துக்கு முன் கோயில் கொடை விழாவன்று, மைக்கில் அறிவித்துவிட்டு ஐந்து பவுன் சங்கிலியை உண்டியலில் போட்டவர் அவர். தன் பெயரெழுதிய அட்டையையும் அதில் நூலால் கட்டியிருந்தார். போட்டது அம்பாசமுத்திரத்துக் கவரிங். மனைவி ஞானசௌந்தரியின் சங்கிலியைக் காட்டி, அதே அச்சில் வாங்கியது.

தினமும் சாத்துகிற நகையை உருக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பூசாரி சுடலைமணியின் வீட்டுக்கு ஒரு தார் பழத்தோடு போனார். அம்மன் கழுத்தில் இனி இடமில்லை என்றார் பூசாரி.

"வேணும்னா கணுக்கால்ல சுத்தட்டுமா அண்ணாச்சி?"

அதற்கும் சம்மதித்தார். ஆனால் அதற்குள் உருக்க வேண்டிய நகைகளின் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது.

சோதனை நாளில் ஓய்வுபெற்ற நீதிபதி முன்னிலையில் பெட்டி திறந்தது. மதிப்பீட்டாளர் அப்பாத்துரை கல்லையும் அரக்கையும் நீக்கி, ஒவ்வொன்றாக உரைகல்லில் தேய்த்து அமிலச் சொட்டு விட்டார். அட்டை கட்டிய சங்கிலி வந்தபோது செந்தூர்பாண்டி தூணுக்குப் பின்னால் நின்றார்.

"நாப்பது கிராம். இருபத்திரண்டு காரட்," என்றார் அப்பாத்துரை.

அம்மன்தான் மாற்றியிருக்கிறாள் என்று செந்தூர்பாண்டி சன்னிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுப்ப வந்த ஞானசௌந்தரி காதோரம் சொன்னாள்:

"அவ ஒண்ணும் மாத்தல. சாமிக்குப் போயி கவரிங் போடுவாகளா? அன்னைக்கே நான்தான் மாத்தி வச்சேன்."

அவர் அவள் கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பார்த்தார். அந்தச் சங்கிலிக்குத்தான் மூன்று வருடமாக லாக்கர் வாடகை கட்டுகிறார். விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும்.

ஓடிப்போய் அலுவலரிடம், தன் சங்கிலியை மட்டும் உருக்க வேண்டாம் என்று கெஞ்சினார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்த அலுவலர், கட்டி கோயில் பெயரிலேயே வங்கியில் இருக்கும், வட்டி திருப்பணிக்கு வரும் என்று ஆறுதல் சொல்லி, பட்டியலை நீட்டினார். அறங்காவலர் கையெழுத்துப் போட்டார். நகைப் பைக்கு முத்திரை விழுந்தது.

வேலை முடிந்த தெம்பில் அப்பாத்துரை கூட்டத்துக்கு ஒரு யோசனை சொன்னார். வீட்டில் சும்மா கிடக்கும் தங்கத்தையும் வங்கியில் டெபாசிட் செய்யலாம், பத்து கிராம் இருந்தால் போதும், ஆனால் உருக்கித்தான் வாங்குவார்கள், அதே நகை திரும்பி வராது. பிறகு ஞானசௌந்தரி பக்கம் திரும்பினார்.

"மதினி, உங்களுதும் அதே அச்சு போலிருக்கே. ஒரு உரசு உரசிப் பாத்துருவமா?"

செந்தூர்பாண்டி குறுக்கே பாய்ந்தார்.

"பொம்பளையாளுக கழுத்துல கெடக்கத உரசப்பிடாது வே. நம்ம ஊர் வழக்கம்."

அப்படியொரு வழக்கத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கூட்டத்திலிருந்த ஏழெட்டு ஆண்கள், ஆமாம் ஆமாம், ரொம்பப் பழைய வழக்கம் என்று அவசரமாகத் தலையாட்டினார்கள்.